நொடியில் ஐந்தில் ஒன்று

எங்கள் கடையில் பியானோவும் கீபோர்டும் விற்பவர்கள் முன்பக்கம் நிற்பார்கள். விற்ற பிறகு வரும் தலைவலியைப் பார்ப்பவன் பின்பக்கம் உட்கார்ந்திருப்பான். அந்தப் பின்பக்கத்து ஆள் நான். பதினொரு வருஷமாக அதே நாற்காலி. போனை எடுத்தால் எதிர்முனையில் யாராவது ஒருவர், கம்ப்யூட்டரோடு கீபோர்டை இணைத்தேன், ஒன்றும் வரவில்லை என்பார். நான் கேபிளை மாற்றிப் பாருங்கள் என்பேன். பத்துக்கு ஏழு பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். மீதி மூன்று பேர் திரும்பக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். என் அண்ணன் இதைக் கேள்விப்பட்டு எனக்கு ‘கேபிள்’ என்று பெயர் வைத்தான். வீட்டில் இன்றுவரை அதுதான் என் பெயர்.

அண்ணி சிறு வயதில் பியானோ படித்தவள். கல்யாணம், குழந்தை, ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை என்று பதினைந்து வருஷம் அதைத் தொடவில்லை. அந்த மேஜை வேலை போன பிறகு, ஒரு நடனப் பள்ளியில் வகுப்புக்கு பியானோ வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து போய்க் கேட்டாள். வாரத்தில் இரண்டு நாள். இரண்டு மாதம் பார்க்கிறோம், பிறகு சொல்கிறோம் என்றார்கள். அன்று அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே அதைச் சொன்னாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

வீட்டில் வாசித்துப் பழக ஒரு டிஜிட்டல் பியானோ வந்தது. பிரச்சினை அண்ணன். அவன் பஸ் டிரைவர், முதல் ஷிப்ட். மதியம் வந்து படுத்தால் மாலை வரை வீட்டில் குண்டூசி விழக் கூடாது. அண்ணி வாசிக்கக் கிடைப்பதோ அதே நேரம். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரில் பயிற்சி மென்பொருள் ஒன்றைப் போட்டு, ஹெட்ஃபோனில் கேட்கிற மாதிரி செய்துகொடுக்க வேண்டும். அதில் தாளத்துக்கு டிக் டிக் என்று தட்டும். வாசித்து முடித்ததும் மதிப்பெண் போடும்.

எனக்கு அது அரை மணி நேர வேலை. பியானோவின் பின்னால் சதுரமாக ஒரு யூ.எஸ்.பி. வாய் இருக்கும். அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள். பலபேர் நினைப்பதுபோல் அந்தக் கேபிளில் சத்தம் போகாது. எந்தக் கட்டை அழுந்தியது, எவ்வளவு வேகமாக அழுந்தியது, எப்போது விட்டது என்ற தகவல் மட்டும்தான் போகும். அதற்குத்தான் மிடி என்று பெயர். சத்தத்தை லேப்டாப்பே உண்டாக்கி ஹெட்ஃபோனுக்கு அனுப்பும். லேப்டாப்பில் ஹெட்ஃபோன் மாட்டும் துளை உடைந்திருந்தது. அதனால் என்ன என்று என் பையிலிருந்த ஒயர் இல்லாத ஹெட்ஃபோனை இணைத்துக் கொடுத்தேன். கட்டையைத் தட்டினேன். இரண்டு சத்தம் வந்தது. ஒன்று பியானோவிலிருந்து, இன்னொன்று சற்றுப் பின்னால் ஹெட்ஃபோனிலிருந்து. எல்லோரும் செய்கிற மாதிரி பியானோவின் சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் குறைத்தேன். இப்போது ஒன்றுதான் கேட்டது. மென்பொருள் ‘தாமதத்தை அளக்கவா?’ என்று ஒரு கட்டத்தைக் காட்டியது. டிக் சத்தத்தோடு சேர்த்து இருபது முறை தட்ட வேண்டும். சமையலறையில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. ‘பிறகு’ என்பதை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சத்தம் வருகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அது எப்போது வருகிறது என்று பார்க்கிற பழக்கம் எனக்கு இருக்கவில்லை.

இரண்டாவது வாரம் அண்ணி கடைக்கு போன் செய்தாள்.

"தம்பி, கட்டையை அமுத்தினா சத்தம் கொஞ்சம் பின்னாடி வர்ற மாதிரி இருக்கே?"

கடையில் அப்போது ஒருவர் என் மேஜையைத் தட்டிக்கொண்டு நின்றார். "பதினஞ்சு வருஷம் ஆச்சுல்ல அண்ணி," என்றேன். "விரல் போகப் போகப் பழகிடும். வேணும்னா கேபிளை மாத்திப் பாருங்க."

அவள் கேபிளை மாற்றினாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. மதிப்பெண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. முதல் வாரம் அறுபத்திரண்டு. மூன்றாவது வாரம் எண்பத்தைந்து. ஆறாவது வாரம் தொண்ணூற்றெட்டு. நானும் என் பங்குக்கு வீட்டில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.

நடனப் பள்ளியில் கதை வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது. அண்ணி தாளத்தை முந்துகிறாள் என்று டீச்சர் முதலில் பக்குவமாகச் சொன்னார். பிறகு பிள்ளைகள் முன்னாலேயே சொன்னார். அண்ணி வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரப் பயிற்சியை இரண்டு மணி ஆக்கினாள். அடுத்த வகுப்பில் இன்னும் அதிகமாக முந்தினாள். ஏழாவது வாரத்தில் டீச்சர், வரும் புதன்கிழமை வகுப்புக்கு அரை மணி முன்னால் வாருங்கள், பேச வேண்டும் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணிக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அவள் கடைக்கே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. ஆனால் அழுத கண் இல்லை, கோபம்.

"அந்த மார்க்கெல்லாம் ஒரு பேப்பர்ல எடுத்துக் குடு," என்றாள். "நான் முந்தறேன்னு அவங்க சொல்றாங்க. மிஷின் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு போடுது. மிஷினுக்கு என் மேல என்ன பாசமா? பிள்ளைங்கதான் பின்தங்குதுங்க. நான் கட்டையை அமுத்தி நோட்டு வைக்கறேன், அதுக்கப்புறம் கால் வருது. என் காதாலேயே கேக்கறேன்."

நியாயமாகத்தான் பட்டது. நான் ஏழு வாரத்துக் கணக்கையும் வண்ணத்தில் வரைபடமாகப் போட்டு, கடையின் முத்திரை உள்ள தாளில் அச்செடுத்தேன். பத்தாததற்கு நானும் கூடவே வருகிறேன் என்றேன். தொழில் தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் நின்றால் பேச்சுக்கு எடை கூடும் என்று நினைப்பு.

நடனப் பள்ளி இரண்டாவது மாடியில் இருந்தது. நீளமான கூடம், மரத்தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொள்ள மரக்கம்பி. மூலையில் பழைய பியானோ ஒன்று, கம்பியும் சுத்தியலும் உள்ள நிஜ பியானோ. டீச்சர் ஒல்லியாக, முதுகு வளையாமல் நின்றார். பிள்ளைகள் அவரை ‘ஸ்கேல்’ என்று கூப்பிடுவதாக அண்ணி சொல்லியிருந்தாள். பார்த்ததும் புரிந்தது.

அண்ணி தாளை நீட்டினாள். டீச்சர் அதை வாங்கி ஒரு தடவை பார்த்தார், மடித்து பியானோ மேல் வைத்தார்.

"எனக்கு இதைப் படிக்கத் தெரியாது," என்றார். "உக்காருங்க. நான் கை தட்டறேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே ஒரு கட்டை. பாட்டெல்லாம் வேண்டாம்."

தட்டினார். நிதானமாக, நடக்கிற வேகத்தில். அண்ணி முதல் இரண்டு தட்டுகளை விட்டுவிட்டாள். மூன்றாவதிலிருந்து சேர்ந்துகொண்டாள். நோட்டு, தட்டு. நோட்டு, தட்டு. ஒவ்வொரு தடவையும் நோட்டு முன்னால், தட்டு பின்னால். இடையில் ஒரு சின்ன இடைவெளி, ஒவ்வொரு தடவையும் அதே அளவு. பதற்றத்தில் முந்துகிறவர்கள் ஒருமுறை அதிகம் முந்துவார்கள், ஒருமுறை குறைவாக. இது அளந்து வைத்த மாதிரி இருந்தது.

அந்த இடைவெளியை எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டையைத் தட்டியபோது முதலில் பியானோவும் பிறகு ஹெட்ஃபோனும் கேட்டதே, அதே இடைவெளி. பியானோவின் சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் குறைத்து அதைத்தான் நான் மறைத்துவிட்டு எழுந்து போனேன்.

சும்மா இருந்துவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்படி யோசித்ததை இங்கே மறைக்க விரும்பவில்லை.

"டீச்சர், நிறுத்துங்க," என்றேன். "இது இவங்க தப்பில்ல. நான் பண்ணினது."

சொன்னேன். கேபிளில் தகவல் போக நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான் ஆகும், அதில் கோளாறே இல்லை. லேப்டாப் சத்தத்தை உண்டாக்கி, சேர்த்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அனுப்புகிறது. ஒயர் இல்லாத ஹெட்ஃபோன் அதை மறுபடி சுருக்கி, அனுப்பி, விரிக்கிறது. அங்கேதான் நேரம் போகிறது. டிக் சத்தமும் அதே வழியாகத்தான் வருகிறது, அதுவும் அதே அளவு தாமதம். டிக் கேட்டதும் அண்ணி அழுத்தினால் அவள் நோட்டு டிக்குக்கு அப்புறம் கேட்கும். நோட்டும் டிக்கும் சேர்ந்து கேட்க வேண்டுமானால், டிக் காதுக்கு வரும் முன்பே அழுத்த வேண்டும். நல்ல காது உள்ளவர் அதைத்தான் செய்வார். மென்பொருளோ தன் உள்ளே டிக் எப்போது பிறந்தது என்று மட்டும் பார்க்கிறது, அது எப்போது காதில் விழுந்தது என்று அதற்குத் தெரியாது. தெரியவைக்கும் கட்டத்தைத்தான் நான் ‘பிறகு’ என்று தள்ளிவிட்டேன். அதனால் முன்கூட்டியே அழுத்த அழுத்த அது மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டே போனது.

"அப்ப காது நல்லா இருக்கறதாலதான் இவ்வளவு கெட்டுதுங்கறீங்க," என்றார் டீச்சர்.

"ஆமா."

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது வாரமே கேட்டேன் உங்கிட்ட," என்றாள். "பழகிடும்னே. பழகிடுச்சு."

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "யார் தப்புங்கறது எனக்கு முக்கியமில்ல. பத்து நிமிஷத்துல சின்னப் பிள்ளைங்க வந்துடுவாங்க. நோட்டு முன்னாடி வந்தா அதுங்க அவசர அவசரமாக் குதிக்குதுங்க. போன வாரம் ஒருத்தி கணுக்காலை மடக்கிக்கிட்டா. இப்ப உங்களால நேரா வாசிக்க முடியுமா?"

"முடியாது," என்றாள் அண்ணி. "கை அப்படியே பழகியிருக்கு. இன்னிக்குத் தெரிஞ்சா இன்னிக்கே போயிடாது."

"எவ்வளவு நாளாகும்?"

"மூணு வாரம்."

எங்கிருந்து அந்தக் கணக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"மூணு வாரம் நான் வேற ஒரு அம்மாவை வச்சுப்பேன்," என்றார் டீச்சர். "அந்தம்மா நல்லா வாசிச்சா அவங்களையே வச்சுப்பேன். அதையும் இப்பவே சொல்லிடறேன். மூணு வாரம் கழிச்சு நீங்க வரலாம். ஒரு வகுப்பு கேக்கறேன்."

"சரி," என்றாள் அண்ணி. எழுந்து, மடித்துவைத்த தாளை எடுத்து என் சட்டைப்பையில் செருகினாள்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அளந்தேன். ஹெட்ஃபோனைக் கட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்து, போனில் ஒலிப்பதிவைப் போட்டு, ஒரு கட்டையை ஓங்கித் தட்டினேன். கட்டை அடியில் மோதும் ‘டொக்’ ஒரு மேடாகவும், ஹெட்ஃபோனின் நோட்டு இன்னொரு மேடாகவும் திரையில் தெரிந்தன. நடுவில் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் துளி கூடியும் இருந்தது. அண்ணன் தூக்கக் கலக்கத்தோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"அவ்வளவுதானா?" என்றான். "இதுக்கா இவ்வளவு ரகளை?"

"நீ பிரேக் போட்டு அஞ்சுல ஒரு பங்கு நொடி கழிச்சுதான் வண்டி கேட்டா சும்மா இருப்பியா?" என்றாள் அண்ணி.

அவன் யோசித்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "கேபிள், உனக்கு வெக்கமே இல்லையாடா?" என்றான். அதைச் சிரிக்காமல் கேட்டான்.

ஹெட்ஃபோனைத் தூக்கிப் பையில் போட்டேன். ஒயர் உள்ள ஒன்றை லேப்டாப்பில் இல்லாமல் நேராக பியானோவிலேயே மாட்டினேன். பியானோவின் சத்தத்தைத் திரும்ப ஏற்றி, லேப்டாப்பின் சத்தத்தை அணைத்தேன். தாளத்துக்கு பியானோவுக்குள்ளேயே இருந்த டிக் டிக்கைப் போட்டுவிட்டேன். இனி அழுத்தினதும் கேட்கும். கேபிள் இருந்த இடத்திலேயே இருந்தது. லேப்டாப் இனி எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகம் மட்டும். முதல் நாளே இப்படிச் செய்திருந்தால் எனக்குப் பத்து நிமிஷம் மிச்சம்.

அண்ணி உட்கார்ந்து வாசித்தாள். நான்கு தட்டுக்குள் நிறுத்திவிட்டாள். மறுபடி ஆரம்பித்து, மறுபடி நிறுத்தினாள். காது சரியென்று சொல்லும் இடத்துக்குக் கை முன்னாலேயே போய் நின்றது. முதல் வாரம் முழுவதும் அதே பாடுதான். இரண்டாவது வாரம் டிக்கோடு ஓரளவு சேர்ந்தாள். ஆனால் டிக் இல்லாமல் வாசித்தால் பழைய இடத்துக்கே போய்விடும் என்று அவளுக்குப் பயம். நடனப் பள்ளியில் டிக் கிடையாது. கால்கள்தான் உண்டு.

"நான் கை தட்டட்டுமா?" என்று கேட்டேன். கடை முடிந்து தினமும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

"உனக்குத் தாளம் வருமா?"

"வராது."

வரவில்லை. என் கைத்தட்டல் ஒருமுறை வேகமாகும், ஒருமுறை இழுக்கும், நடுவில் மூக்கைச் சொறிந்தால் நின்றே போகும். அண்ணி முதலில் முறைத்தாள். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு பியானோவின் ஸ்பீக்கரிலேயே சத்தம் வரும்படி செய்தாள். என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, என் கை எழும்புவதைப் பார்த்தபடி வாசித்தாள். மிஷினைத் துரத்தத் தேவையில்லை, ஒரு ஆளுக்காகக் காத்திருந்தால் போதும் என்று அவளுக்கு அங்கேதான் பிடிபட்டது என்று நினைக்கிறேன்.

"நீ இப்படியே கேவலமாத் தட்டு," என்றாள். "பிள்ளைங்களும் இப்படித்தான் குதிக்கும்."

ஸ்பீக்கரில் வாசித்த நாளெல்லாம் அண்ணன் மதியத் தூக்கத்தை விட்டான். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாரும் அவனுக்கு நன்றியும் சொல்லவில்லை. மாலையில் சோபாவில் உட்கார்ந்து பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வான். சில சமயம் பேப்பர் தலைகீழாக இருக்கும்.

மூன்று வாரம் முடிந்த அந்தப் புதன்கிழமை நான் போகவில்லை. வர வேண்டாம் என்று அண்ணியே சொல்லிவிட்டாள். நீ அங்க நின்னா எனக்கு அந்தப் பேப்பர்தான் ஞாபகம் வரும் என்றாள். நான் கடையில் என் நாற்காலியில் இருந்தேன். காலையிலிருந்து எட்டு பேர் கூப்பிட்டார்கள். எட்டு பேரிடமும் ஹெட்ஃபோனுக்கு ஒயர் இருக்கிறதா என்று முதலில் கேட்டேன். ஒருவர் தனக்குக் கீபோர்டே எரியவில்லை என்று சொன்னார். அவரிடமும் கேட்டேன். அந்தப் புது ஆள் நன்றாக வாசித்திருந்தால் என்ன ஆகும் என்று என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அண்ணிக்கு அந்த இடம் போனால் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படி ஏறுவது?

மாலை ஐந்தே காலுக்கு அண்ணியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை. அண்ணி, அண்ணி என்றேன். பிறகுதான் புரிந்தது. என் எண்ணை அழுத்திவிட்டு அவள் போனை பியானோ மேல் வைத்திருக்கிறாள்.

பியானோ கேட்டது. அதன் கீழே தொப் தொப்பென்று கால்கள், பத்துப் பதினைந்து ஜோடி இருக்கும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு இடைவெளியைத் தேடினேன். போனில் எல்லாமே தாமதமாகத்தான் வரும், அரை நொடிகூட ஆகலாம். ஆனால் நோட்டும் காலும் ஒரே வழியாகத்தானே வருகின்றன, அங்கே சேர்ந்து விழுந்தால் இங்கேயும் சேர்ந்துதான் விழும். தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு குழந்தை தடுமாறிச் சற்று இழுத்தது, நோட்டும் அதோடு இழுத்து, அதன் கால் தரைக்கு வந்தபோது கூடவே விழுந்தது.

வாசிப்பு நின்றது. மூச்சு வாங்கும் சத்தம், சிரிப்பு, யாரோ தண்ணீர் கேட்பது. பிறகு கூடத்தின் தூரத்திலிருந்து டீச்சரின் குரல்.

"திங்கக்கிழமை பெரிய பிள்ளைங்களுக்கும் நீங்களே வாசிச்சிடுங்க."

எதிரில் என் மேஜையைத் தட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமல், கொஞ்சம் இருங்க சார் என்று கையைக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமில்லை தம்பி, மெதுவா வாங்க என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.